எண்ணுக்கு முன்னால் இடம்: சுடிதார் டாப்ஸுக்கு அளவெடுப்பதைப் படம் பிடிக்கும்போது

அளவெடுப்பதைக் கற்றுத்தரும் வீடியோக்களில் குளோசப் என்றால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். டேப் உடம்பைச் சுற்றியிருக்கும், 36 என்ற எண் திரை நிறையத் தெரியும், பின்னால் ஒரு குரல் "மார்பு முப்பத்தாறு" என்று சொல்லும். பார்க்கிறவர் எழுதிக்கொள்வார். ஆனால் அந்த 36 அவருக்கு எதற்கும் பயன்படாது, ஏனென்றால் அது இன்னொருவருடைய உடம்பு. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: டேப்பின் முனை எந்த எலும்பின் மேல் உட்கார்ந்தது, எந்த வழியாகப் போனது, எவ்வளவு இறுக்கமாக இருந்தது. இந்த மூன்றையும் காட்டாத குளோசப் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாடம் ஆகாது.

இங்கே எடுத்துக்கொள்வது சைடு ஓபன் வைத்த, ஜிப் இல்லாத, முட்டிக்குச் சற்று மேலே நிற்கும் சாதாரண காட்டன் டாப்ஸ். பிளவுஸைப் போல உடம்போடு ஒட்டாது என்பதால் புதிதாகத் தைக்கிறவர்கள் இதில்தான் கை வைக்கிறார்கள். அளவு பிசகினால் அது தோளிலும் சைடு ஓபனிலும் உடனே தெரிந்துவிடுகிற துணியும் இதுதான்.

முதலில் டேப்பைச் சோதித்துவிடுங்கள். தையல் டேப் 60 இஞ்ச், அதாவது சுமார் 152 சென்டிமீட்டர். நாள்பட்ட டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேஜையில் வைத்து, டேப்பை இழுக்காமல் பக்கத்தில் படுக்க வையுங்கள். 12 இஞ்சில் ஒரு நூல் பிசகு இருந்தால்கூட, 36 இஞ்ச் சுற்றளவில் அது மூன்று நூலாகிவிடும். (எட்டு நூல் ஒரு இஞ்ச்.) அப்படிப்பட்ட டேப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அடுத்தது தகட்டு முனை. பல டேப்புகளில் தகட்டின் விளிம்புதான் பூஜ்ஜியம். சிலவற்றில் அச்சு தகட்டுக்குப் பிறகு தொடங்கும், சிலவற்றில் தகடு கழன்று முனை தேய்ந்திருக்கும். இதையும் அதே ஸ்கேலில் பார்த்துவிடலாம். வீடியோவின் முதல் குளோசப்பாக இந்தச் சோதனையையே வைக்கலாம். பத்து விநாடி போதும், பார்க்கிறவர் தன் டேப்பையும் எடுத்துச் சோதித்துக்கொள்வார்.

டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் என்றால், உடம்பைச் சுற்றும்போது அது முறுக்கிக்கொண்டு சென்டிமீட்டர் பக்கம் வெளியே வந்துவிடுவது சாதாரணம். வைடு ஷாட்டில் இது கண்ணுக்குப் படாது, குளோசப்பில் 91 என்று நிற்கும். எனவே கேமராவை ஓடவிடும் முன் டேப்பை விரலால் ஒரு சுற்று நீவி, முறுக்கு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாடலாக நிற்கிறவர் ஒரே நிறத்தில், உடம்போடு ஒட்டிய, கருநீலம் அல்லது கறுப்பு பனியன் துணி டாப் போட்டிருந்தால் வெள்ளை டேப்பும் மஞ்சள் டேப்பும் அதன்மேல் எடுப்பாகத் தெரியும். பூப்போட்ட துணியில் டேப்பின் ஓரம் தொலைந்துபோகும். துப்பட்டா வேண்டாம். இந்த டாப்ஸுக்கு அவர் வழக்கமாக எந்த உள்ளாடை போடுவாரோ அதைப் போட்டுக்கொண்டே நிற்கட்டும். உள்ளாடை மாறினால் மார்பின் உயரமும் மாறும், சுற்றளவும் மாறும்.

டம்மியை வைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றளவுகளுக்குச் சரிப்படும். ஆனால் டம்மி மூச்சு விடாது, கையைத் தூக்காது, குனியாது. இந்த வேலையில் நடக்கிற பிழைகளில் பாதி அந்த மூன்றினால்தான் வருகின்றன. தோளுக்கும் கைக்கும் மனிதர் நின்றால்தான் பாடம் நடக்கும்.

ஷோல்டர்

இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அதிக நேரமும் இதற்கே கொடுக்க வேண்டும். மார்பிலோ, பின்புறத்தின் அகலமான சுற்றான சீட்டிலோ அரை இஞ்ச் பிசகினால் சைடு தையலைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். ஷோல்டர் பிசகினால் கையைப் பிரித்து, ஆர்ம்ஹோலை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். ஷோல்டர் குறைவாக வெட்டப்பட்டிருந்தால் அதற்கும் வழியில்லை.

சிக்கல் எங்கே என்றால், தோள் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போட்டிருக்கிற துணியின் கைத்தையலைத் தோள்முனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துணியே தோளிறங்கித் தைத்ததாக இருந்தால் புதிய டாப்ஸும் அதே தப்போடு வரும். எலும்பைத்தான் நம்ப வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அது படத்தில் நன்றாகவும் விழும்.

> படம்: மாடலின் வலது தோள், பின்பக்கத்திலிருந்து. கழுத்தடியும் மேற்கையும் ஃபிரேமுக்குள் இருக்கட்டும்.
> பேச்சு: "அக்கா, கையைப் பக்கவாட்டுல தோள் உயரத்துக்குத் தூக்குங்க. இதோ, தோள் முடியிற இடத்துல ஒரு சின்னக் குழி விழுது பாருங்க. என் விரலை அங்க வெச்சிருக்கேன். இப்போ கையை மெதுவா கீழ விடுங்க. விரலை எடுக்கலை. விரலுக்குக் கீழ ஒரு எலும்பு முனை தட்டுப்படுது. அதுதான் தோள்முனை."
> படம்: விரல் இருந்த இடத்தில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது.

ஸ்டிக்கர் அவசியம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் விரலை எடுத்துவிட்டால் அடுத்த முறை அதே இடத்தில் வைப்பீர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு தோளிலும் ஒட்டிய பிறகு டேப்பை முதுகுப்பக்கமாக ஒரு ஸ்டிக்கரிலிருந்து இன்னொன்றுக்கு நேராக வையுங்கள். கழுத்தடியில் முண்டாகத் தெரியும் எலும்பின்மேல் ஏறி இறங்கினால் கால் இஞ்சோ அரை இஞ்சோ கூடிவிடும். அப்படி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வெட்டும் கணக்கு அதற்கேற்ப இருக்கும். ஒரே வீடியோவில் இரண்டையும் கலந்தால்தான் குழப்பம்.

குளோசப்பில் கேமரா இடது ஸ்டிக்கரில் தொடங்கட்டும். டேப்பின் பூஜ்ஜியம் ஸ்டிக்கரின் நடுவில் இருப்பது தெரிய வேண்டும். அங்கிருந்து டேப்போடு மெதுவாக நகர்ந்து வலது ஸ்டிக்கரில் நிற்கட்டும். அங்கே மூன்று விநாடி. எண்ணைச் சொல்வது அதற்குப் பிறகுதான்: "பதினாலரை. 14½." நம் மாடலுக்கு அதுதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நேரத்தில் மாடல் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றால் முதுகு விரிந்து ஷோல்டர் அதிகம் காட்டும். நெஞ்சை நிமிர்த்தி ராணுவம் போல் நின்றால் குறையும். தன் மேல் என்ன அளவெடுக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தால் ஷோல்டர், உயரம் இரண்டுமே மாறும். குனிவதைத் தடுக்க எளிய வழி, எதிர்ச்சுவரில் அவர் கண் உயரத்துக்கு ஒரு தாளை ஒட்டி அதைப் பார்க்கச் சொல்வதுதான்.

ஒரு இஞ்ச் அதிகமாக எடுத்துவிட்டால் என்ன தெரியும்? கைத்தையல் இரண்டு பக்கமும் அரை இஞ்ச் தோளைத் தாண்டிக் கீழே இறங்கும், அக்குளுக்கு முன்னால் துணி செங்குத்தாக மடிந்து நிற்கும். குறைவாக எடுத்தால் கையை முன்னால் நீட்டும்போது முதுகில் துணி குறுக்காக இழுக்கும். இந்த இரண்டையும் பழைய துணியில் காட்டி ஒரு ஷாட் சேர்த்தால் ஷோல்டர் பாடம் முழுமையாகும்.

மார்பு

இதில் எண்ணைவிட டேப்பின் மட்டம் முக்கியம். முன்னால் டேப் மார்பின் மிக உயர்ந்த புள்ளிமேல் இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். பின்னால் என்ன ஆகிறது என்பது முன்னால் நிற்கும் கேமராவுக்குத் தெரியாது. அளவெடுப்பவர் முன்னால் நின்று எடுத்தால் அவருக்கும் தெரியாது. டேப் முதுகில் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் வழுக்கி இறங்கியிருக்கும். அப்போது கிடைக்கும் எண் சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், உடம்பின் அமைப்பைப் பொறுத்தது. எப்படியானாலும் அது மார்புச் சுற்றளவு இல்லை.

ஆகவே மார்புக்குக் குறைந்தது மூன்று ஷாட் வேண்டும்: முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகில் ஒன்று. பக்கவாட்டு ஷாட்தான் உண்மையைச் சொல்லும். டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்பது அதில் ஒரே பார்வையில் தெரியும். பின்சுவரில் கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ போல நேர்க்கோடு ஒன்று ஃபிரேமில் இருந்தால் பார்க்கிறவர் ஒப்பிட்டுக்கொள்வார். கேமராவும் டேப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் சரியான மட்டமும் சாய்ந்துதான் தெரியும்.

எண்ணைப் படிக்கும் குளோசப்பை மார்பின் நடுவில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. டேப்பின் இரு முனையும் சந்திக்கும் இடத்தை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டுக்கு நகர்த்தி, அங்கே படித்தால் அதே எண்தான் வரும். மாடலாக நிற்கிறவருக்குச் சங்கடம் குறையும், பார்க்கிறவரின் கவனமும் டேப்பில் நிற்கும். பொதுவில் போடப்போகும் வீடியோவுக்கு இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கத்தைப் பற்றிப் பேச்சில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். "டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு எடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இரண்டு தொல்லைகள். விரலின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறு. இதைவிடப் பெரியது அடுத்தது: விரல் விட்டு எடுத்த அளவில் லூஸ் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்பதை மறந்து, வெட்டும்போது மறுபடியும் லூஸ் சேர்த்துவிடுகிறார்கள். முதல் டாப்ஸ் தொளதொளவென்று வந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களில் பலருக்குக் காரணம் இந்த இரட்டை லூஸ்தான். அளவெடுக்கும்போது உடம்பளவு மட்டும், லூஸ் பிறகு தாளில் என்று ஒரே முறையில் நில்லுங்கள்.

> படம்: பக்கவாட்டில் டேப்பின் முனைகள் சந்திக்கும் இடம். கீழ் முனையின் பூஜ்ஜியம், அதன்மேல் வரும் மற்ற முனையின் எண், இரண்டும் ஒரே ஃபிரேமில்.
> பேச்சு: "மூச்சை அடக்காதீங்க அக்கா, சாதாரணமா விடுங்க. டேப் உடம்பைத் தொடுது, ஆனா அழுத்தலை. டேப்போட ஓரத்துல சதை பிதுங்கக் கூடாது, டேப் தானாக் கீழ விழவும் கூடாது. இப்போ படிக்கிறேன். முப்பத்தாறு. இது உடம்பளவு. லூஸ் இன்னும் சேர்க்கலை."

"உடம்பளவு" என்ற சொல்லைச் சுற்றளவுகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, லூஸ் சேர்த்தாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் பார்க்கிறவருக்கு வரவே கூடாது.

இடுப்பு என்றால் எது

தமிழில் பேச்சு எழுதும்போது நிதானமாக நிற்க வேண்டிய இடம் இது. இடுப்பு என்றதும் பெரும்பாலோர் கை வைப்பது சேலை கட்டும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே. டாப்ஸுக்கு வேண்டிய இடுப்பு அதற்கு மேலே, உடம்பு மிகவும் ஒடுங்கும் இடம். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு இஞ்ச் உயர வித்தியாசம் இருக்கும், சுற்றளவிலும் அதே அளவுக்கு வித்தியாசம் வரக்கூடும். "இடுப்பை அளங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பேர் தப்பான இடத்தை அளப்பார்கள். டாப்ஸின் ஒடுக்கம் கீழே இறங்கி, வயிற்றுக்கு மேலே துணி சுருண்டு நிற்கும்.

சொல்லால் விளக்குவதைவிட நாடாவால் விளக்குவது நல்லது. அரை இஞ்ச் எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். மாடலை இடதும் வலதுமாக இரண்டு முறை சாயச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தானாக நகர்ந்து ஒடுங்கிய இடத்தில் உட்காரும். அந்த நகர்வை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டினால் போதும், பேச்சில் "சேலை கட்டுற இடம் இல்ல, பக்கவாட்டுல சாஞ்சா மடியிற இடம்" என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு ஒடுங்கிய இடம் என்று ஒன்று தெளிவாக இருக்காது. அவர்களுக்கு முழங்கை மடங்கும் உயரத்தைச் சுமாரான குறியாக எடுத்துக்கொண்டு, அங்கே எலாஸ்டிக்கை நிறுத்தலாம்.

எலாஸ்டிக்கை அவிழ்க்க வேண்டாம். அடுத்து எடுக்கப்போகும் இடுப்பு உயரம் அதில்தான் முடிகிறது. நம் மாடலுக்கு இடுப்பு 31.

உயரம் தொடங்கும் இடம்

டாப்ஸின் உயரம் கழுத்தை ஒட்டிய தோள் மேட்டில் தொடங்குகிறது. தோளின் நடுவிலோ முனையிலோ இல்லை. தோள் சரிவாக இருப்பதால் முனையிலிருந்து எடுத்தால் ஒன்றரை இஞ்ச் அளவுக்குக் குறைந்துவிடும். தைத்துப் போட்ட பிறகுதான் "சின்னதாப் போச்சே" என்று தெரியும். அங்கிருந்து டேப் மார்பின் உயர்ந்த புள்ளிமேல் போக வேண்டும். முதுகுப்பக்கம் எடுத்தால் மார்பின் எழுச்சி கணக்கில் வராது, போட்டதும் முன்பக்கம் மட்டும் மேலே ஏறி நிற்கும்.

ஒரே இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்களை வரிசையாகப் படிக்கலாம், முனையை எடுக்காமல். எலாஸ்டிக் வரை இடுப்பு உயரம்: 14½. சீட்டின் அகலமான இடம் வரை: 22. வேண்டிய முழு உயரம்: 40. இடுப்பு உயரம் எடுக்கும்போது டேப் மார்புக்குக் கீழே உடம்போடு உள்வாங்கி எலாஸ்டிக்கைத் தொட வேண்டும். முழு உயரத்துக்கு அப்படி இல்லை. மார்பிலிருந்து டேப் தொங்குகிறபடி நேராக விழ வேண்டும், துணியும் அப்படித்தான் விழப்போகிறது. இந்த வித்தியாசத்தைப் பக்கவாட்டு ஷாட்டில் அடுத்தடுத்துக் காட்டினால் ஒரு விநாடியில் புரியும்.

படம் பிடிக்கிறவருக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. 40 இஞ்ச் டேப் முழுவதும் ஃபிரேமில் இருந்தால் எண் தெரியாது, எண் தெரிந்தால் தொடக்கம் தெரியாது. மேலே தொடங்கி டேப்போடு இறங்குவதுதான் வழி. ஃபோனில் எடுப்பவர்கள் திரையை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு நகர்த்த வேண்டும். இல்லையென்றால் டேப்பை விட்டுப் பின்சுவரைத் தேடி ஃபோகஸ் அலையும். நகரும்போது ஃபோனும் உடம்பும் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணில் நிற்கும்போது லென்ஸ் அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே இருக்கட்டும். ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் விரல் நுனி இன்னொரு கோட்டின்மேல் இருப்பது போலத் தோன்றும், இரண்டு நூல்வரை தப்பாகத் தெரியும். முன்பக்க கேமராவில் எடுப்பதாக இருந்தால் எண்கள் இடம்வலம் மாறிப் பதிவாகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பளபளக்கும் டேப்பில் விளக்கு நேராக விழுந்தால் எண்ணே வெளுத்துவிடும், ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து வருவதே நல்லது.

சீட்டும் சைடு ஓபனும்

சீட் அளவுக்கு மாடல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்க வேண்டும். அகலமான இடம் எது என்று முன்னாலிருந்து தெரியாது, பக்கவாட்டில் பார்த்து டேப்பை மேலும் கீழும் ஒரு இஞ்ச் நகர்த்தி, எங்கே எண் அதிகமாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். நகர்த்துவதையும் காட்டுங்கள். 38, 38½, 39, மறுபடி 38½. ஆகவே சீட் 39, உயரம் 22.

இந்த 22 எதற்கு என்றால், சைடு ஓபன் எங்கே தொடங்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. ஓபன் சீட்டின் அகலமான இடத்துக்கு ஒரு இஞ்சாவது மேலே, அதாவது இங்கே 21-ல் தொடங்கினால் உட்காரும்போது துணி இரண்டாகப் பிரிந்து இடம் கொடுக்கும். 24-ல் தொடங்கினால் அகலமான இடம் முழுக்கத் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். சீட்டில் தாராளமாக லூஸ் இல்லையென்றால் உட்காரும்போதெல்லாம் ஓபனின் தலைப்பில் இழுவிசை விழும், சில சலவைக்குள் அங்கே தையல் விட்டுப்போகும். ஓபனின் உச்சியில் கிழிந்த டாப்ஸ்களைக் கொண்டுவந்து நூல் சரியில்லை என்று சொல்வார்கள். டேப் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓபனின் உயரம்தான் தப்பாக இருக்கும்.

கழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரம் தொடங்கிய அதே தோள் மேட்டிலிருந்து முன்னால் 6½, பின்னால் 5 என்று மாடல் கேட்கிற இறக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பை நேர்க்கீழாகப் பிடிக்க வேண்டும், சாய்வாகக் கழுத்து நடுவுக்கு இழுத்தால் அளவு கூடிவிடும்.

கைக்குத் தோள்முனை ஸ்டிக்கரிலிருந்து 10 இஞ்ச். அந்தக் கை முடியும் இடத்தில் சுற்று எடுக்கும்போது முழங்கையைப் பாதி மடக்கச் சொல்லுங்கள். மடக்கினால்தான் தசை புடைக்கும், காட்டன் துணி இழுபட்டுக் கொடுக்காது. 10½ வந்தது. ஆர்ம்ஹோலுக்கு டேப்பைக் கையைத் தூக்கச் சொல்லி அக்குள் வழியாக நுழைத்து ஸ்டிக்கரின்மேல் சேருங்கள். ஆனால் கையைக் கீழே விட்ட பிறகே படியுங்கள்: 15½. தூக்கிய கையோடு படிப்பது இதில் நடக்கிற வழக்கமான பிழை. குளோசப்பில் கை எப்படி இருக்கிறது என்று தெரியாதபடி ஷாட்டை வெட்டிவிட்டால் பார்க்கிறவரும் அதையே செய்வார்.

எண்களை எழுதும் விதம்

திரையில் எழுதும்போது 14½ என்றே எழுதுங்கள். தையல் கடைகளில் 14 இஞ்ச் 4 நூலை 14.4 என்று எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. கால்குலேட்டர் தட்டுகிறவர் அதைப் பதினான்கு புள்ளி நான்கு என்று எடுத்துக்கொள்வார். பேச்சிலும் "பதினாலரை", "பதினாலே கால்", "பதினாலே முக்கால்" என்று சொல்வதே சந்தேகமில்லாத வழி.

குளோசப்பைப் பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டேப்பை எடுத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி சுற்றினால் அதே எண் வருவது அரிது. வைடு ஷாட்டில் குரல் 36 என்று சொல்லும், குளோசப்பில் 35½ இருக்கும். டேப் உடம்பில் இருக்கும்போதே வைடு, குளோசப் இரண்டையும் முடிக்க வேண்டும். இன்னொரு ஃபோன் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். குரலைப் பிறகு தனியாகப் பதிவு செய்வதில் தவறில்லை, ஆனால் எண்களைக் குளோசப்பைப் பார்த்தே சொல்லுங்கள், நோட்டைப் பார்த்து வேண்டாம்.

அளவு முடிந்ததும் லூஸ் சேர்க்கும் கணக்கை ஒரே தாளில், மேலிருந்து எடுத்த ஷாட்டில் எழுதிக்காட்டலாம். மார்பு 36-க்கு 3 லூஸ், 39. அதில் கால் பங்கு 9¾, தையலுக்கு 1 இஞ்ச் விட்டால் 10¾. மடிப்பிலிருந்து குறிக்க வேண்டியது அதுதான். சீட் 39-க்கு 4 லூஸ், 43. கால் பங்கு 10¾, தையலோடு 11¾. இடுப்பு 31-க்கு 5 லூஸ், 36. மார்பைவிட இடுப்புக்கு ஏன் அதிகம் என்று பார்க்கிறவர் கேட்பார். ஜிப் இல்லாத டாப்ஸ் என்பதால் அந்த இடுப்பு, போடும்போதும் கழற்றும்போதும் மார்பைத் தாண்டிப் போக வேண்டும். தைத்து முடித்த இடுப்பு மார்பின் உடம்பளவுக்குக் குறையாமல் இருந்தால் மாட்டிக்கொள்ளாது. உயரம் 40-க்குத் தோள் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு 1, ஆக 41½.

துணி வாங்குவதும் இந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. சீட்டில் ஒரு பாகம் மடிப்பிலிருந்து 11¾ என்றால் விரித்தால் 23½. முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக வைக்க 47 இஞ்ச் அகலம் வேண்டும். 44 இஞ்ச் பன்னாத் துணியில் அது நடக்காது. ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் 83 இஞ்ச், சுமார் 2.1 மீட்டர். பக்கத்தில் மிஞ்சும் 20½ இஞ்ச் பட்டையில் கைகள் வந்துவிடும். துவைத்தால் சுருங்கும் காட்டனுக்கு இரண்டரை மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டலாம். இதே மாடலுக்குச் சீட் 36 ஆக இருந்திருந்தால் அகலம் சரியாக 44-க்குள் வந்திருக்கும், நூல் பிசகவும் இடம் இருக்காது.

கடைசி ஷாட்டாக, மாடலுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய டாப்ஸ் ஒன்றை மேஜையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அக்குளுக்கு அக்குள் டேப்பை வைத்தால் 19½ அல்லது அதற்கு ஒட்டி வர வேண்டும், இருமடங்கு 39. தோளில் கைத்தையலுக்குக் கைத்தையல் 14½. பழையது 18 காட்டினால் அவர் பழகியது ஒட்டிய உடுப்பு என்று அர்த்தம், 3 லூஸை 2 ஆக்கலாமா என்று அவரையே கேட்டுவிட்டு வெட்டுங்கள். 21 காட்டினால் டேப் முதுகில் வழுக்கியதா, அந்த உடுப்பே தொளதொளப்பா என்று பார்க்க, மார்பை மட்டும் பக்கவாட்டு ஷாட்டோடு இன்னொரு முறை எடுங்கள்.